எண்பது டன் கிளம்பி நூறு டன் போய்ச் சேருமா?

அக்கா மகன் இங்கே பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரசாயனப் பொறியியல் படிக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை ஜூரோங் வெஸ்டில் அவர்கள் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். தே ஹாலியா வருவதற்குள் நோட்டைத் திறந்து வைத்துவிட்டான்.

"மாமா, வாயுக் கணக்குக்கு PV = nRT போதாதா? எதுக்கு இந்த முப்படிச் சமன்பாடு? ஒரு விடைக்கு ஒரு பக்கம் கணக்குப் போட வேண்டியிருக்கு."

நியாயமான கேள்விதான். பல இடங்களில் PV = nRT போதும். எங்கே போதாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு எத்திலீன் குழாய். அந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். அதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆலையில் எத்திலீன் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு. ஒரு முனையிலிருந்து குழாய் வழியாக வாயு கிளம்பும், மறுமுனையில் இன்னொரு பிரிவு வாங்கிக்கொள்ளும். கிளம்பும் இடத்தில் இருந்தது ஆரிஃபிஸ் மீட்டர். குழாய்க்கு நடுவே துளையிட்ட தகடு ஒன்று இருக்கும். வாயு அந்தத் துளை வழியாக நெருக்கிக்கொண்டு போகும்போது தகட்டின் முன்னும் பின்னும் ஓர் அழுத்த வேறுபாடு வரும். அந்த வேறுபாட்டையும் வாயுவின் அடர்த்தியையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், எவ்வளவு எடை போகிறது என்பது கிடைக்கும். வாங்கும் இடத்தில் இருந்தது எடையை நேரடியாக அளக்கும் கொரியோலிஸ் மீட்டர். அதற்கு அடர்த்தி என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாங்கும் இடத்தில் 100 டன் என்று காட்டினால், கிளம்பிய இடத்தில் 80 டன் என்றுதான் காட்டியது. கசிவு இருந்தால் போய்ச் சேருவது குறைய வேண்டும். இங்கே கூடியிருந்தது. தகட்டைக் கழற்றி அளந்தோம், அழுத்தக் கருவியை மாற்றினோம். இரண்டிலும் பழுதில்லை. கடைசியில் எக்செல் தாளில் இருந்த அடர்த்திக் கட்டத்தைத் திறந்து பார்த்தால், உள்ளே இருந்தது PV = nRT.

சரி, அந்தக் கட்டத்தில் என்ன தவறு என்று பார்ப்போம். குழாயில் வாயு 50 பார் அழுத்தத்தில், 30 டிகிரி செல்சியஸில் ஓடிக்கொண்டிருந்தது. எத்திலீனின் மோலார் நிறை மோலுக்கு 28.05 கிராம். PV = nRT என்ற நல்லியல்பு வாயு விதிப்படி கணக்கிட்டால்:

```
அடர்த்தி = P M / (R T)
         = 5000000 × 0.02805 / (8.314 × 303.15)
         = 55.65 kg/m³
```

உண்மையில் அந்த நிலையில் எத்திலீனின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 86 கிலோ. ஒன்றரை மடங்கு! ஆரிஃபிஸ் கணக்கில் அடர்த்திக்கு வர்க்கமூலம் எடுப்பதால் தவறு கொஞ்சம் சுருங்கி, நூறு என்பது எண்பதாகத் தெரிந்தது. 55.65-ஐ 86-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள், 0.80 வரும். நாங்கள் தேடிய இருபது டன் அங்கேதான் இருந்தது.

இந்த விலகலை ஒரே எண்ணில் சொல்வதற்குத்தான் அமுக்கத்திறன் காரணி என்ற Z இருக்கிறது. Z = PV / nRT. நல்லியல்பு வாயுவுக்கு இது எப்போதும் 1. நம் எத்திலீனுக்கு அந்த நிலையில் 0.65. அதாவது, இந்த அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் நல்லியல்பு வாயு ஒரு லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்றால், எத்திலீன் 0.65 லிட்டரில் அடங்கிவிடுகிறது. குறைந்த இடத்தில் அடங்குவதால் அடர்த்தி கூடும். ஆகவே நல்லியல்பு அடர்த்தியை Z-ஆல் வகுக்க வேண்டும். பெருக்கிவிடுபவர்கள் நிறைய. Z ஒன்றுக்குக் கீழே வந்தால் அடர்த்தி கூட வேண்டும் என்று மனத்தில் வைத்திருந்தால் அந்தத் தவறு உடனே கண்ணில் படும்.

இப்படி ஏன் அடங்குகிறது? PV = nRT இரண்டு விஷயங்களைக் கண்டுகொள்வதில்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன என்பது ஒன்று. அவை இடத்தை அடைக்கின்றன என்பது இன்னொன்று. இழுப்பு Z-ஐ ஒன்றுக்குக் கீழே தள்ளும். இட அடைப்பு அதை ஒன்றுக்கு மேலே தள்ளும். சூடாக இருக்கும்போது மூலக்கூறுகள் வேகமாகப் பறக்கின்றன, இழுப்பு அவற்றைப் பெரிதாக அசைப்பதில்லை. குளிர்ந்து, நெருங்கி, திரவமாகும் தறுவாய்க்கு வரும்போது இழுப்பின் கை ஓங்கிவிடும்.

ஆக, ஒரு வாயு திரவமாகும் தறுவாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதை அளக்க ஒவ்வொரு பொருளுக்கும் நிலைமாறு வெப்பநிலை, நிலைமாறு அழுத்தம் என்று இரண்டு எண்கள் உண்டு. நிலைமாறு வெப்பநிலைக்கு மேலே போய்விட்டால் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது. எத்திலீனுக்கு அது 282.3 கெல்வின், அதாவது சுமார் 9 டிகிரி செல்சியஸ். நிலைமாறு அழுத்தம் 50.4 பார். நம் நிலையை இவற்றால் வகுத்தால், வெப்பநிலை விகிதம் Tr = 303.15 / 282.3 = 1.07; அழுத்த விகிதம் Pr = 50 / 50.4 = 0.99. இரண்டுமே ஒன்றை ஒட்டி நிற்கின்றன. நல்லியல்பு விதி மிக மோசமாகத் தவறும் இடம் இதுதான். நம் ஊர் வெயிலில் நமக்கு வியர்த்துக் கொட்டுகிறது, எத்திலீனுக்கோ அது திரவமாகும் எல்லையின் வாசல்.

அதே குழாயில் அதே 50 பார், 30 டிகிரியில் நைட்ரஜனை ஓட விடுங்கள். அதன் நிலைமாறு வெப்பநிலை 126.2 கெல்வின். Tr = 2.4. திரவமாகும் நிலையிலிருந்து அது வெகு தூரத்தில் இருக்கிறது. அதன் Z சுமார் 0.997. நல்லியல்பு விதி அரை விழுக்காடுகூடப் பிசகாது. "50 பார் அதிக அழுத்தம், அதனால் PV = nRT ஆகாது" என்று வகுப்பில் சொல்வதில் பாதிதான் உண்மை. 50 பார் என்பது எந்த வாயுவுக்கு, எந்த வெப்பநிலையில் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் முழு உண்மை. எத்திலீனையே எடுத்துக்கொண்டாலும், 30 டிகிரியில் 1 பார் அழுத்தத்தில் அதன் Z 0.995, 10 பாரில் 0.94, 50 பாரில் 0.65. முதலாவதற்கு PV = nRT தாராளமாகப் போதும். இரண்டாவதற்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதைப் பொறுத்து முடிவு செய்யலாம். மூன்றாவதற்கு அந்தப் பக்கமே போகக் கூடாது.

அப்புறம் முப்படிச் சமன்பாடு. இழுப்பையும் இட அடைப்பையும் சேர்த்து எழுதலாம் என்று முதலில் காட்டியவர் டச்சுக்காரரான வான் டெர் வால்ஸ், 1873-இல் தன் ஆய்வேட்டில். நூறாண்டு கழித்து, 1976-இல், கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெங், ராபின்சன் இருவரும் வெளியிட்ட வடிவம்தான் இன்று ஆலைகளில் அதிகம் புழங்குகிறது:

```
P = R T / (V − b)  −  a α / (V² + 2 b V − b²)
```

முதல் உறுப்பில் V-க்குப் பதில் V − b இருக்கிறது. மூலக்கூறுகள் அடைத்துக்கொண்ட b என்ற இடத்தைக் கழித்துவிட்டு, மிச்ச இடத்தில்தான் அவை ஓடியாட முடியும் என்று அர்த்தம். இரண்டாவது உறுப்பு இழுப்பு. கழித்தல் குறி இருப்பதால் அது அழுத்தத்தைக் குறைக்கிறது. a, b இரண்டும் தனியாக அளக்க வேண்டியவை இல்லை. நிலைமாறு வெப்பநிலையும் அழுத்தமும் தெரிந்தால் வந்துவிடும். α என்பது வெப்பநிலைக்கு ஏற்ப இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம். அதற்கு மட்டும் மூலக்கூறின் வடிவத்தைச் சொல்லும் இன்னோர் எண் வேண்டும், ω என்ற அசென்ட்ரிக் காரணி. எத்திலீனுக்கு அது 0.087. ஆக மூன்றே எண்கள். இந்தச் சமன்பாட்டைப் பெருக்கி விரித்தால் V³ வரும். முப்படி என்ற பெயர் அதனால்தான்.

கையால் போடும்போது V-ஐ விட்டுவிட்டு நேரே Z-இல் எழுதினால் வேலை சுலபம். R-க்கு எந்த அலகு என்ற குழப்பமும் வராது.

```
κ = 0.37464 + 1.54226 ω − 0.26992 ω²
α = [1 + κ (1 − √Tr)]²
A = 0.45724 α Pr / Tr²
B = 0.07780 Pr / Tr

Z³ − (1 − B) Z² + (A − 3B² − 2B) Z − (AB − B² − B³) = 0
```

நம் எண்களைப் போட்டால் κ = 0.507, α = 0.964, A = 0.379, B = 0.0719. சமன்பாடு இப்படி ஆகிறது:

```
Z³ − 0.9281 Z² + 0.2198 Z − 0.0217 = 0
```

இதை நியூட்டன் முறையில் தீர்க்கலாம். Z = 1 என்று தொடங்குங்கள்; அது நல்லியல்பு வாயுவின் விடை. இடப்பக்கத்தின் மதிப்பை அதன் வகைக்கெழுவால் வகுத்து Z-இலிருந்து கழித்தால் 0.802. அதே வேலையை மறுபடி செய்தால் 0.691. அடுத்து 0.645, அதற்கடுத்து 0.636. அதன் பிறகு அசையவில்லை. காப்பிக்கடை மேசையில் அக்கா மகன் கைபேசிக் கால்குலேட்டரில் இதைப் போட்டுப் பார்த்தான். தே ஹாலியா ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

55.65-ஐ 0.636-ஆல் வகுத்தால் 87.5 கிலோ. உண்மையான 86-க்கு மிகப் பக்கம். இந்த அடர்த்தியை அந்த எக்செல் கட்டத்தில் போட்டதும் கிளம்பிய இடத்தின் கணக்கு 80-இலிருந்து 101-க்கு வந்துவிட்டது. போய்ச் சேர்ந்தது 100. இருபது விழுக்காட்டுத் தவறு ஒரு விழுக்காடாகச் சுருங்கியது.

இந்த மாதிரித் தவறை மீட்டரைக் கழற்றாமலேயே கண்டுபிடித்திருக்கலாம். அதற்கான தடயம் எங்கள் தாளிலேயே இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. பின்னிரவில் குழாய் 25 டிகிரிக்கு இறங்கும்போது இடைவெளி பெரிதாகியது: 80 என்பது 78 ஆகும். மதியம் பழையபடி திரும்பும். தகடு தேய்ந்திருந்தாலோ கருவி பழுதானாலோ தவறு இரவு பகல் பார்க்காது. வெப்பநிலையோடு சேர்ந்து ஆடும் தவறு என்றால் அடர்த்தியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஏன் ஆடுகிறது என்பதையும் Z சொல்லிவிடும். 30-இலிருந்து 25 டிகிரிக்கு இறங்கினால் நல்லியல்பு விதிப்படி அடர்த்தி 1.7 விழுக்காடு கூட வேண்டும். பெங்-ராபின்சன்படி அதே 50 பாரில் Z 0.636-இலிருந்து 0.605-க்கு விழுகிறது, அடர்த்தி 87.5-இலிருந்து 93.6-க்கு ஏறுகிறது. ஐந்து டிகிரிக்கு ஏழு விழுக்காடு. நிலைமாறு புள்ளிக்குப் பக்கத்தில் எத்திலீன் அவ்வளவு தொட்டாற்சிணுங்கி. அதனால்தான் இங்கே அழுத்தமானியில் தெரியும் எண்ணோடு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்ட மறப்பதும் சின்னத் தவறாக முடிவதில்லை. கணக்கில் போட்ட 50 பார் என்பது முழு அழுத்தம். மானியில் அது 49 என்றுதான் தெரியும்.

இதைக் கேட்டதும் அக்கா மகன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். "அப்போ எல்லாத்துக்கும் பெங்-ராபின்சனே போட்டுடலாம் மாமா, எப்படியும் நல்ல விடைதானே வரும்?"

அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. அதே நைட்ரஜனை, அதே 50 பார், 30 டிகிரியில், பெங்-ராபின்சனில் போட்டுப் பாருங்கள். நைட்ரஜனின் நிலைமாறு அழுத்தம் 34 பார், ω 0.038. விடை 0.988. உண்மை 0.997. PV = nRT சொல்வது 1. யார் பக்கம்? நல்லியல்பு விதியின் தவறு 0.3 விழுக்காடு, முப்படிச் சமன்பாட்டின் தவறு கிட்டத்தட்ட 1 விழுக்காடு! ஒரு பக்கக் கணக்கு ஒரு வரிக் கணக்கிடம் தோற்றுப்போகிறது. நைட்ரஜனில் இந்த நிலையில் இழுப்பும் இட அடைப்பும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. PV = nRT இரண்டையும் விட்டுவிடுவதால் அதன் இரண்டு தவறுகளும் கழிந்துபோகின்றன. பெங்-ராபின்சன் இரண்டையும் கணக்கில் எடுக்கிறது, ஆனால் இழுப்பை ஒரு துளி கூடுதலாக எடுத்துவிடுகிறது. அதன் α திருத்தம் பொருளின் ஆவியழுத்தத்துக்குப் பொருந்தும்படி அமைக்கப்பட்டது. அதாவது நிலைமாறு வெப்பநிலைக்குக் கீழே, திரவமும் வாயுவும் சேர்ந்திருக்கும் இடத்தில் பழக்கப்படுத்தப்பட்டது. Tr 2.4 அதற்கு அவ்வளவாகப் பழகாத ஊர்.

அதனால் நான் சமன்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் Tr, Pr இரண்டையும் போட்டுவிடுவேன், அரை நிமிட வேலை. Tr இரண்டுக்கு மேலே இருந்து Pr ஒன்றிரண்டைத் தாண்டாவிட்டால் PV = nRT சில விழுக்காட்டுக்கு மேல் பிசகாது. காற்று, நைட்ரஜன் இரண்டும் சாதாரண ஆலை அழுத்தங்களில் இந்த வகை. Pr நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று இருந்தாலும் அப்படியே. Tr 0.9-க்கும் 1.5-க்கும் நடுவே வந்து, Pr பத்தில் ஒன்றைத் தாண்டினால் முப்படிச் சமன்பாட்டை எடுக்க வேண்டும். எத்திலீன், கார்பன் டைஆக்சைடு ஆகியவை நம் ஊர் வெப்பநிலையில் விழுவது இங்கேதான். கார்பன் டைஆக்சைடின் நிலைமாறு வெப்பநிலை 31 டிகிரி செல்சியஸ். மதிய வெயிலில் கடைக்கு வெளியே நிற்கும் சிலிண்டருக்குள் அது அந்தக் கோட்டை தினமும் தாண்டித் திரும்பக்கூடும்.

Tr ஒன்றுக்குக் கீழே போனால் இன்னொரு விஷயம் சேர்ந்துகொள்ளும். எத்திலீன் கணக்கில் நமக்குக் கிடைத்தது ஒரே ஒரு மெய்யான மூலம். சமையல் எரிவாயு சிலிண்டரில் உள்ள புரோப்பேனுக்கு 30 டிகிரியில், அதன் ஆவியழுத்தமான 11 பாரை ஒட்டிக் கணக்குப் போட்டால் மூன்று மூலங்கள் வரும். பெரியது வாயுவுக்கு, சிறியது திரவத்துக்கு, நடுவில் உள்ளதற்கு எந்தப் பொருளும் இல்லை, விட்டுவிட வேண்டும். நியூட்டன் முறையை Z = 1-இல் தொடங்கினால் வாயு மூலத்தில் போய் நிற்கும்; Z = B-யில் தொடங்கினால் திரவ மூலத்துக்குப் போகும். விடை கிடைத்ததும் அது எந்த மூலம் என்று பார்க்காமல் எடுத்துக்கொள்பவர்கள், வாயு ஓடும் குழாயில் திரவத்தின் அடர்த்தியைப் போட்டுவிடுவார்கள். கன மீட்டருக்குச் சுமார் 25 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் ஐந்நூறு சொச்சம் வந்தால், மூலம் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். சரியான மூலத்தையே எடுத்தாலும் திரவத்தின் அடர்த்தியைப் பெங்-ராபின்சன் சில விழுக்காடு தப்பாகத்தான் சொல்லும். திரவத்தின் அளவைக் கணக்கிட நான் அதை நம்ப மாட்டேன்.

கடைசியில் அந்தக் குழாய் என்ன ஆனது என்று அக்கா மகன் கேட்டான். ஆலைக்குள் பிரிவுகளுக்கு இடையே கணக்குப் பார்க்க 101-க்கு 100 என்பது போதுமானதாக இருந்தது, எனவே பெங்-ராபின்சனே அந்தக் கட்டத்தில் நின்றது. மீட்டர் காட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒருவர் இன்னொருவருக்குப் பணம் கொடுக்கும் இடமாக இருந்திருந்தால் அந்த ஒரு விழுக்காட்டையும் விட்டிருக்க மாட்டோம். அங்கே எத்திலீனுக்கு என்றே அளவீடுகளிலிருந்து உருவாக்கிய, நிறைய உறுப்புகள் உள்ள தனிச் சமன்பாட்டைத்தான் போட வேண்டும்.